16 கோரில் வேகம், 32 கோரில் மந்தம்: இரண்டு சாக்கெட் சர்வரில் நூமா சிக்கலைச் சரிசெய்த பதிவு

எங்கள் ஆய்வகத்தின் சர்வரில் ஓடும் எண்கணிப்பு நிரல் ஒன்று, 32 கோர்களையும் பயன்படுத்தும்போது எடுத்துக்கொண்ட நேரம், அதே நிரலை 16 கோர்களுக்குள் அடக்கி ஓட்டியபோது எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதிகமாக இருந்தது. நிரலின் மையப் பகுதி மிக எளியது. 32 ஜிபி அளவுள்ள ஓர் எண் வரிசையை முதல் உறுப்பிலிருந்து கடைசி உறுப்பு வரை படித்து, ஒரு கூட்டுத்தொகையைக் கணித்து, அளவுருக்களைச் சற்று மாற்றிவிட்டு மீண்டும் முதலிலிருந்து படிப்பதே அதன் வேலை. ஓப்பன்எம்பி என்ற இணை நிரலாக்க வசதி கொண்டு வரிசை சமபங்காகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்கை மட்டும் படிக்கிறது. 32 த்ரெட்டுகளில் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.52 வினாடி ஆனது. முதல் சாக்கெட்டில், அதாவது முதல் செயலியில், உள்ள 16 கோர்களை மட்டும் கொடுத்தபோது சுமார் 0.34 வினாடியே ஆனது.

த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று பூட்டுப் போட்டுக் காத்திருக்கும் இடம் எதுவும் இந்த நிரலில் இல்லை. `top` கட்டளையில் பார்த்தால் 32 கோர்களும் நூறு விழுக்காடு வேலை செய்வதாகவே தெரிந்தது. இந்தக் காட்சியை நம்ப முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நினைவகத்திலிருந்து தரவு வருவதற்காக ஒரு கோர் நின்றுகொண்டிருக்கும் நேரத்தையும் இயங்குதளம் உழைத்த நேரமாகவே கணக்கில் எழுதுகிறது. சுற்றின் முடிவில் மற்ற த்ரெட்டுகளுக்காகச் சுழன்று காத்திருக்கும் நேரமும் அப்படியே எழுதப்படுகிறது. ஆகவே கோர் உண்மையில் கணக்குப் போடுகிறதா, தரவுக்குக் காத்திருக்கிறதா என்பதை `top` சொல்லாது. இயந்திரத்தின் அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

```
$ numactl --hardware
available: 2 nodes (0-1)
node 0 cpus: 0 1 2 ... 15
node 1 cpus: 16 17 18 ... 31
...
node distances:
node   0   1
  0:  10  21
  1:  21  10
```

இது 2017இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை ஜியான் செயலிகள் இரண்டைக் கொண்ட சர்வர். ஒவ்வொரு செயலியும் தனக்கென்று 6 நினைவகச் சேனல்களையும் 96 ஜிபி நினைவகத்தையும் வைத்திருக்கிறது. ஒரு செயலியும் அதனோடு நேரடியாக இணைந்த நினைவகமும் சேர்ந்ததே ஒரு நோடு. நினைவகம் இப்படி நோடுகளாகப் பிரிந்திருந்து, எந்த நோடில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அணுகும் நேரம் மாறும் அமைப்பே நூமா. கோர் எண்கள் இங்கே 0 முதல் 15 வரை, 16 முதல் 31 வரை என்று வரிசையாக அமைந்துள்ளன; ஆனால் இரட்டைப்படை எண்கள் ஒரு நோடிலும் ஒற்றைப்படை எண்கள் மற்றொன்றிலும் அமைந்த சர்வர்களும் உண்டு. எனவே இந்தப் பட்டியலைப் பார்க்காமல் கோர் எண்களை ஊகித்து த்ரெட்டுகளைக் கட்டிவைப்பது ஆபத்தானது. கடைசியில் உள்ள 10, 21 என்ற எண்கள் பயோஸ் இயங்குதளத்துக்குக் கொடுக்கும் தொலைவு அட்டவணையிலிருந்து வருபவை. தன் நோடு என்றால் எப்போதும் 10. மற்றது அதனோடு ஒப்பிட்ட மதிப்பு மட்டுமே. யாரும் கடிகாரம் வைத்து அளந்து எழுதியதன்று.

அளந்து பார்ப்பது கடினமல்ல. ஒரு பெரிய வரிசையில் ஒவ்வோர் உறுப்பும் அடுத்துப் போக வேண்டிய உறுப்பின் இடத்தைச் சொல்லும்படி, இடங்களைக் குலைத்து நிரப்பிவிட்டு, அந்தச் சங்கிலியைப் பின்தொடர்ந்தால் போதும்.

```c
for (size_t k = 0; k < steps; ++k)
    p = next[p];
```

முந்தைய உறுப்பு கைக்கு வராமல் அடுத்ததன் முகவரி தெரியாது என்பதால், செயலியால் முன்கூட்டியே எதையும் எடுத்து வைக்க முடியாது. ஒவ்வோர் அடியிலும் நினைவகத்தின் முழுத் தாமதமும் வெளிப்படும். வரிசை கேஷுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதோடு, இயங்குதளம் நினைவகத்தைப் பங்கிடும் துண்டுகளான பேஜ்களில், 2 எம்பி அளவுள்ள பெரியவற்றில் அமைந்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் முகவரி மாற்றத்துக்கு ஆகும் நேரமும் சேர்ந்து அளவீட்டைக் கெடுக்கும்.

```
$ numactl --cpunodebind=0 --membind=0 ./chase
$ numactl --cpunodebind=0 --membind=1 ./chase
```

முதல் ஓட்டத்தில் ஓர் அடிக்குச் சுமார் 90 நானோவினாடியும், இரண்டாவதில் சுமார் 145 நானோவினாடியும் கிடைத்தன. டிரேம் சில்லுக்குள் தரவை எடுக்க ஆகும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு முழுவதும் வழியில் இருக்கிறது. அருகிலுள்ள நினைவகம் என்றால், மூன்றாம் நிலைக் கேஷில் தரவு இல்லை என்று தெரிந்தவுடன் கோரிக்கை அதே சில்லுக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்திக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. எதிர்நோடு என்றால், கோரிக்கை சில்லின் விளிம்பிலுள்ள இணைப்புப் பகுதிக்குச் சென்று, பொட்டலமாகக் கட்டப்பட்டு, இரு செயலிகளுக்கும் இடையிலுள்ள அல்ட்ரா பாத் இன்டர்கனெக்ட் வழியே அனுப்பப்பட்டு, அங்கே பிரிக்கப்பட்டு, அந்தத் தரவின் புதிய நகல் வேறு எந்தக் கேஷிலாவது இருக்கிறதா என்ற ஒத்திசைவுச் சோதனையைக் கடந்து, பிறகே அந்தச் செயலியின் நினைவகக் கட்டுப்படுத்தியை அடைகிறது. விடையும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். இரு சாக்கெட்டுகளுக்கும் இடையே பலகையில் உள்ள சில அங்குலத் தூரத்தை மின்குறி கடப்பதற்கு ஓரிரு நானோவினாடியே ஆகும். மீதி நேரத்தைக் கட்டுதல், பிரித்தல், வரிசையில் காத்தல், ஒத்திசைவு ஆகியவையே எடுத்துக்கொள்கின்றன.

முன்பு எல்லாச் செயலிகளும் ஒரே பொதுத் தரவுத் தடம் வழியாக, பலகையில் தனியே இருந்த ஒரு நினைவகக் கட்டுப்படுத்தியை அணுகின. அப்போது எல்லா நினைவகமும் எல்லாக் கோர்களுக்கும் சம தூரத்தில் இருந்தது, ஆனால் கோர்கள் கூடக்கூட அந்த ஒரே தடம் நெரிசலானது. கட்டுப்படுத்தியைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்த ஏஎம்டி ஆப்டெரான் 2003இலும் இன்டெல் நெஹேலம் 2008இலும் வந்தன. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சொந்த நினைவகத் தடங்கள் கிடைத்ததற்குக் கொடுத்த விலையே இந்தத் தூர வேறுபாடு.

ஆனால் 90, 145 என்ற தாமத வேறுபாடு மட்டும் எங்கள் நிரலின் மந்தத்தை விளக்கவில்லை. வரிசையைத் தொடர்ச்சியாகப் படிக்கும் நிரலில் செயலி அடுத்தடுத்த உறுப்புகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதால், ஒரு தனி அணுகலின் தாமதம் பெரும்பாலும் மறைந்துவிடும். அங்கே முட்டுக்கட்டையாவது ஒரு வினாடிக்கு எவ்வளவு தரவு கடக்க முடியும் என்பதே. டிடிஆர்4-2666 நினைவகத்தில் ஒரு சேனல் வினாடிக்கு 21.3 ஜிபி தரும். 6 சேனலுக்கு 128 ஜிபி. நடைமுறையில் எனக்கு 105 ஜிபி அளவு கிடைத்தது. இரு செயலிகளுக்கும் இடையே இந்தப் பலகையில் உள்ள இரண்டு இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் வினாடிக்கு 20.8 ஜிபி கடத்தக்கூடியவை. இரண்டும் சேர்ந்து 41.6 ஜிபி, நடைமுறையில் சுமார் 34 ஜிபி. அதாவது எதிர்நோடிலிருந்து வரும் வழி, சொந்த நினைவகத்தின் வழியில் மூன்றில் ஒரு பங்கு அகலமே உடையது.

இப்போது வரிசை முழுவதும் முதல் நோடில் மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். நினைவக அளவு 1024இன் மடங்குகளிலும் வேகம் 1000இன் மடங்குகளிலும் எண்ணப்படுவதால், 32 ஜிபி வரிசை இந்த வேகக் கணக்கில் சுமார் 34 ஜிபி ஆகும். 32 த்ரெட்டுகளில் பாதி இரண்டாம் நோடில் ஓடுகின்றன. அவை படிக்க வேண்டிய பாதி வரிசை, அதாவது சுமார் 17 ஜிபி தரவு, 34 ஜிபி வேக இணைப்பைக் கடந்து வர அரை வினாடி ஆகும். முதல் நோடின் த்ரெட்டுகள் தம் பங்கை வெகு முன்னதாக முடித்துவிட்டு அவற்றுக்காகக் காத்திருக்கும். 16 த்ரெட்டுகளை முதல் நோடில் மட்டும் ஓட்டினால், 34 ஜிபி தரவு முழுவதும் 105 ஜிபி வேகத்தில் மூன்றில் ஒரு வினாடிக்குள் வந்துவிடும். அளந்த 0.52, 0.34 ஆகிய இரண்டும் இந்தக் கணக்கோடு ஒட்டிப்போயின. கோர்களைக் கூட்டும்போது வேகம் குறைகிறது என்பதும், ஒரு சாக்கெட்டுக்குள் அடக்கினால் சரியாகிறது என்பதும் சேர்ந்து வந்தால், முதலில் இந்தத் திசையில் பார்ப்பது நல்லது.

ஊகத்தை உறுதிசெய்ய, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தரும், பேஜ்கள் எந்த நோடில் உள்ளன என்று காட்டும் `numa_maps` கோப்பைப் பார்த்தேன். வரிசைக்குரிய வரி இப்படி இருந்தது.

```
7f1bf7f00000 default anon=8388609 dirty=8388609 N0=8388609 kernelpagesize_kB=4
```

4 கேபி பேஜ்களில் 32 ஜிபி என்பது 8388608 பேஜ். நினைவக ஒதுக்கீட்டு நூலகம் தன் குறிப்புக்காக வரிசைக்கு முன்னால் வைக்கும் 16 பைட்டுகளால் ஒரு பேஜ் கூடியிருக்கிறது. `N0=` மட்டுமே இருக்கிறது, `N1=` என்பதே இல்லை. ஒரு பேஜ்கூட இரண்டாம் நோடில் வைக்கப்படவில்லை.

இதற்குக் காரணம் லினக்ஸ் கெர்னலின் இயல்பான ஒதுக்கீட்டு விதி. `malloc` அல்லது `new` இவ்வளவு பெரிய இடத்தைக் கேட்கும்போது கெர்னல் முகவரிப் பரப்பை மட்டுமே தருகிறது. உண்மையான நினைவகம் எதையும் தருவதில்லை. ஒரு பேஜில் முதன்முதலில் எழுதும்போதுதான் பேஜ் ஃபால்ட் ஏற்படுகிறது. அந்தக் கணத்தில் எழுதும் த்ரெட் எந்த நோடின் கோரில் ஓடுகிறதோ, அந்த நோடிலிருந்து இயன்றவரை பேஜ் எடுத்துத் தரப்படுகிறது. ஆகவே இடத்தைக் கேட்டது யார் என்பது பொருட்டன்று. முதலில் தொட்டது யார் என்பதே நினைவகத்தின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கிறது. எழுதாமல் படிக்க மட்டும் செய்தால், எல்லோருக்கும் பொதுவான சுழியப் பேஜே காட்டப்படும் என்பதால், படிப்பது முதல் தொடுதலாகக் கணக்கில் வராது.

எங்கள் நிரலில் வரிசை இப்படி உருவாக்கப்பட்டிருந்தது.

```cpp
std::vector<double> a(n);
```

இந்த ஒரு வரியே `n` உறுப்புகளையும் சுழியமாக எழுதி நிரப்பிவிடுகிறது, அதுவும் பிரதான த்ரெட் ஒன்றே எழுதுகிறது. அது முதல் நோடில் ஓடியதால் 32 ஜிபியும் முதல் நோடில் குடியேறியது. பிறகு வந்த இணைக் கணிப்பு எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் அதனால் பயன் இல்லை. மாற்றம் சிறியது.

```cpp
std::unique_ptr<double[]> a(new double[n]);
#pragma omp parallel for schedule(static)
for (size_t i = 0; i < n; ++i) a[i] = 0.0;
```

`new double[n]` எதையும் எழுதாமல் இடத்தை மட்டும் வாங்கித் தருகிறது. `new double[n]()` என்று அடைப்புக்குறி சேர்ந்தால் பழைய நிலையே திரும்பிவிடும் என்பதால் இங்கே கண் வைக்க வேண்டும். சுழியமிடும் கண்ணியும் கணிப்புக் கண்ணியும் ஒரே `n`, ஒரே `schedule(static)`, ஒரே த்ரெட் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பகுதியை முதலில் தொட்ட த்ரெட்டே பின்னர் அதைப் படிக்கும். `schedule(dynamic)` என்று ஓரிடத்தில் மாற்றினால் பங்கீடு ஒவ்வொரு சுற்றிலும் மாறி, இந்த ஏற்பாடு குலைந்துவிடும். த்ரெட்டுகள் நோடு விட்டு நோடு தாவாமலிருக்க அவற்றைக் கோர்களோடு கட்டிவைப்பதும் தேவை.

```
$ OMP_NUM_THREADS=32 OMP_PLACES=cores OMP_PROC_BIND=close ./sim
```

மாற்றத்துக்குப் பின் `numa_maps` வரியில் `N0=4194048 N1=4194561` என்று வந்தது. பாதிக்குப் பாதி இல்லாமல் 513 பேஜ் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. `numa_maps` 4 கேபி அலகிலேயே எண்ணிக் காட்டினாலும், கெர்னல் இந்த வரிசைக்குப் பெரும்பாலும் 2 எம்பி பேஜ்களையே தந்திருந்தது. வரிசையின் நடு எல்லை அப்படிப்பட்ட ஒரு பேஜுக்குள் விழுந்தது. இரண்டாம் நோடின் முதல் த்ரெட் தன் பங்கின் தொடக்கத்திலேயே அந்தப் பேஜைத் தொட்டுவிட, முதல் நோடின் கடைசித் த்ரெட் தன் பங்கின் முடிவில்தான் அங்கு வந்து சேர்ந்தது. ஒரு சுற்றின் நேரம் 0.52 வினாடியிலிருந்து 0.18 வினாடிக்கு இறங்கியது.

கெர்னலே இதைத் தானாகச் சரிசெய்யாதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான ஏற்பாடு இருக்கிறது, எங்கள் சர்வரில் அது இயக்கத்திலும் இருந்தது. `/proc/sys/kernel/numa_balancing` கோப்பில் 1 என்றே இருந்தது. அது செயல்படும் முறை நுட்பமானது. கெர்னல் அவ்வப்போது நிரலின் முகவரிப் பரப்பில் ஒரு பகுதியை, இயல்பாக ஒரு முறைக்கு 256 எம்பி என்ற அளவில், எடுத்துக்கொண்டு அதிலுள்ள பேஜ்களை அணுக முடியாதவை என்று குறித்துவிடுகிறது. அடுத்து அந்தப் பேஜைத் தொடும் த்ரெட் ஒரு சிறிய ஃபால்ட்டில் சிக்கும். அதைக் கொண்டு எந்த நோடிலிருந்து அணுகல் வருகிறது என்பதைக் கெர்னல் அறிந்துகொள்கிறது. தற்செயலான ஒரு தொடுதலுக்காகப் பேஜை நகர்த்திவிடக் கூடாது என்பதால், பொதுவாக அடுத்த முறையும் அதே நோடிலிருந்து அணுகல் வந்தால்தான் பேஜ் அங்கே மாற்றப்படும். இதோடு, எந்தத் த்ரெட்டை எந்தக் கோரில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரும் இந்த ஃபால்ட் கணக்கைப் பார்த்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதன் நினைவகம் அதிகமுள்ள நோடை விருப்ப நோடாகக் குறித்து, த்ரெட்டையே அங்கே கொண்டுசெல்ல முயல்கிறது. `/proc/<pid>/task/<tid>/sched` கோப்பில் `numa_preferred_nid` என்ற வரியில் இதைப் பார்க்கலாம்.

பழைய நிரலில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டன. நினைவகம் முழுவதும் முதல் நோடில் இருந்ததால் த்ரெட்டுகளுக்கு முதல் நோடே விருப்ப நோடாகக் குறிக்கப்பட்டது. ஆனால் அங்கே 16 கோர்களே உள்ளன. 32 த்ரெட்டுகளும் அங்கே போனால் இரண்டாம் நோடு வெறிச்சோடிவிடும் என்பதால், சுமையைச் சமன்செய்யும் ஷெட்யூலர் பகுதி பாதியை மீண்டும் இரண்டாம் நோடுக்கே இழுத்தது. சும்மா இருக்கும் கோருக்கு வேலை கொடுப்பதே அதன் முதல் கடமை என்பதால், அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. மீதமிருந்த வழி பேஜ்களை நகர்த்துவதுதான். 32 ஜிபியை 256 எம்பியாகப் பார்த்தால் 128 பகுதிகள். ஒவ்வொன்றையும் குறைந்தது இரு முறை கடக்க வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலும் அதே குறுகிய இணைப்பு வழியே நடக்கும் நகலெடுப்பு.

```
$ grep -E 'numa_(pte|hint|pages)' /proc/vmstat
```

இந்தக் கட்டளையைச் சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் ஓட்டியபோது `numa_pages_migrated` ஏறிக்கொண்டே போனதையும், சுற்று நேரம் மெல்ல மெல்ல இறங்கியதையும் காண முடிந்தது. மணிக்கணக்கில் ஓடும் தரவுத்தளம் போன்ற ஒன்றுக்கு இது போதுமானதாக இருக்கலாம். எங்கள் நிரலின் ஒரு வேலை ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுவதால், கெர்னல் பாதி சரிசெய்வதற்குள் நினைவகம் விடுவிக்கப்பட்டு, அடுத்த வேலை மீண்டும் முதல் நோடிலிருந்தே தொடங்கியது.

நிரலைத் தொட முடியாதவர்கள் `numactl --interleave=all` என்று முன்னால் சேர்த்து ஓட்டலாம். பேஜ்கள் இரு நோடுகளிலும் மாறிமாறி வைக்கப்படும். பழைய நிரலை அப்படி ஓட்டியபோது சுற்றுக்கு 0.27 வினாடி ஆனது. ஒவ்வொரு த்ரெட்டும் தன் தரவில் பாதியை எதிர்நோடிலிருந்தே எடுக்கிறது, ஆனால் இணைப்பின் இரு திசைகளும் இரு நினைவகங்களும் ஒருசேர உழைக்கின்றன. எந்தத் த்ரெட் எந்தப் பகுதியைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத பெரிய ஹேஷ் அட்டவணை போன்றவற்றுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன்; அங்கே முதல் தொடுதலைச் சீராக்குவதற்கான அடிப்படையே இல்லை.

வரிசை சரியான பிறகும், உள்ளீட்டுக் கோப்பைப் படித்து முடித்தபின் ஓட்டிய சில வேலைகளில் நேரம் 0.18 ஆக நிற்காமல் ஏறியது. `numactl --hardware` காட்டிய `node 0 free` மிகக் குறைந்திருந்தது. கோப்பை ஒரே த்ரெட் முதல் நோடிலிருந்து படித்ததால், கோப்பின் நகலைக் கெர்னல் வைத்துக்கொள்ளும் பேஜ் கேஷ் முழுவதும் முதல் நோடில் சேர்ந்து அதை நிரப்பியிருந்தது. `vm.zone_reclaim_mode` இயல்பாக 0 என்பதால், தன் நோடில் இடம் இல்லையென்றால் அங்குள்ள பேஜ் கேஷைத் துறப்பதற்கு முன் எதிர்நோடில் காலியாக உள்ள இடத்தையே கெர்னல் எடுத்துத் தருகிறது. முதல் நோடின் த்ரெட்டுகள் தொட்ட பேஜ்களில் ஒரு பகுதி அப்படித்தான் இரண்டாம் நோடுக்குப் போனது. `numastat` கட்டளையில் முதல் நோடுக்கு `numa_foreign`, இரண்டாம் நோடுக்கு `numa_miss` ஆகிய இரண்டும் ஒரே அளவில் ஏறியிருந்தது இதை உறுதிசெய்தது. அந்த அமைப்பை 1 ஆக மாற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. அப்போது ஒரு நோடு நிரம்பியவுடன், மறு நோடில் தாராளமாக இடமிருந்தும் கெர்னல் பேஜ் கேஷைத் துறந்து இடம் தேடத் தொடங்கும். கோப்புகளை அதிகம் படிக்கும் மற்ற வேலைகள் பாதிக்கப்படும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்குக்குரிய கோப்புப் பகுதியை `pread` மூலம் தானே படிக்கும்படி மாற்றினேன். இப்போது பேஜ் கேஷும் இரு நோடுகளிலும் பரவுகிறது. சுழியமிடும் கண்ணி தனியாகத் தேவைப்படவில்லை, ஏனென்றால் கோப்பிலிருந்து வரும் தரவை எழுதுவதே முதல் தொடுதலாகிவிடுகிறது.

நிரலின் துணைப் பகுதி ஒன்று மட்டும் இன்னும் பழைய முறையிலேயே இருக்கிறது. அது சிறிய தற்காலிக இடங்களைத் தன் சொந்தத் தொகுப்பிலிருந்து எடுத்துத் திரும்ப அங்கேயே வைக்கிறது. கெர்னலிடம் ஒருபோதும் திருப்பித் தருவதில்லை. ஒரு நோடின் த்ரெட் முதலில் தொட்ட இடம், பின்னர் மறு நோடின் த்ரெட் கைக்குப் போனாலும் பழைய நோடிலேயே இருக்கும். ஒவ்வொரு நோடுக்கும் தனித் தொகுப்பு வைத்து, விடுவிக்கும்போது பிறந்த நோடின் தொகுப்புக்கே அனுப்புவதுதான் அதற்கான தீர்வு. அந்த மாற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.